கேப்பை இல்ல, வரகு

"கூவரகு எங்கயாவது இப்படி வெளுப்பா இருக்குமா நௌரின்? நீயே சொல்லு."

"தோல் நீக்கி அரைச்சிருப்பாங்க சேச்சி."

"தோல் நீக்கினா அதுல அப்புறம் என்ன பாக்கி இருக்கும்? எங்க அக்கா பிள்ளைங்க மூணுக்கும் குறுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தவ நான். பொடியைப் போட்டு ரெண்டு கிளறு கிளறினா சட்டியில சாக்லேட் கலர்ல பளபளன்னு திரண்டு வரும். இது பாரு, அரிசிக் கஞ்சி மாதிரி."

மட்டாஞ்சேரியில் அந்தப் பழைய வீட்டின் மாடிப்படி இருவர் நிற்கிற அளவுக்கு அகலமில்லை. கீழ்வீட்டு ஜிஷா இரண்டாம் படியில் நின்று, ஸ்டீல் கிண்ணத்தை மேல்வீட்டு நௌரினின் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் ஆறிப்போன குறுக்கு மங்கலான வெண்ணிறத்தில் ஆடை படிந்து கிடந்தது. ஜிஷாவின் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை ஸ்நேஹா, வழக்கமாக நௌரினின் முக்காட்டைப் பிடித்து இழுப்பவள், இன்று அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு தடவை கக்கினா. இன்னைக்குக் காலையில ஒரு தடவை. இவ அப்பா அனூபேட்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு லீவு போட்டுட்டு உட்காந்திருக்கார். டாக்டர் என்ன குடுத்தேன்னு கேப்பாரில்ல? உன்னோட பாக்கெட்டுல எழுதியிருக்கிறதைத்தான் சொல்லணும்."

உன்னோட பாக்கெட். மூன்று நாளைக்கு முன்பு அந்த வார்த்தையை நௌரின்தான் முதலில் சொன்னாள். "சேச்சி, நான் வரைஞ்ச பாக்கெட். ஸ்நேஹாவுக்குக் குறுக்கு காய்ச்ச" என்று கடையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து கொடுத்ததும் அவள்தான்.

"அந்தக் கவர் இருக்கா சேச்சி?"

ஜிஷா உள்ளே போய் எடுத்து வந்தாள். மண்நிறக் காகிதப் பை. முன்பக்கம் முழுவதும் பச்சைக் கோடுகளால் ஆன வயல். படிப்படியாய் இறங்கும் மலைச்சரிவு, தலை குனிந்த கதிர்கள், தூரத்தில் ஒற்றை மரம். அதன் மேல் அடர்ந்த பழுப்பில் பெரிய மலையாள எழுத்தில் கூவரகுப் பொடி. கீழே சிறியதாய், யாரோ குச்சியால் எழுதியதுபோலத் தமிழில் வரகு மாவு.

நௌரின் பையைத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி ஆங்கில எழுத்துகள். எடை, லைசென்ஸ் எண், சத்து விவரப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி. எல்லாவற்றுக்கும் மேலே கோடோ மில்லட் ஃப்ளோர் என்று இருந்தது. அதை அவள்தான் அடித்தாள். விவசாயிகளின் குழு அனுப்பிய லைசென்ஸ் காகிதத்தைப் பார்த்து, எழுத்து எழுத்தாக. அன்றைக்கு அந்தச் சொல் அவளுக்கு ஏதோ தொலைதூரத்து ஊரின் பெயர்போல இருந்தது. கோடோ. பனி இறங்கும் ஒரு ரயில் நிலையம்.

ஃபோனை எடுத்துத் தேடினாள். கோடோ என்றால் மலையாளத்தில் என்ன. விடை ஒரு நொடியில் வந்தது. வரகு. கூவரகு என்றால் ஆங்கிலத்தில் என்ன. ராகி, ஃபிங்கர் மில்லட். படங்கள் இரண்டு. ஒன்று விரல்கள் மடங்கிய கைபோன்ற கதிர், செம்பழுப்பு மாவு. மற்றொன்று மெல்லிய கதிர், வெளிறிய மாவு.

"என்ன ஆச்சு? முகம் எப்படியோ போகுது?"

"சேச்சி, இனி இதைக் குடுக்காதீங்க. நான்... இது வேற தானியம்னு தோணுது. கேட்டுட்டு மெசேஜ் பண்றேன்."

"வேற தானியமா? அப்ப எதுக்குக் கூவரகுன்னு எழுதியிருக்கு?"

நௌரின் வேகமாகப் படியிறங்கினாள். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்ட ஜிஷா, "எடீ, கேட்டது உன்கிட்டதான்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

*

அப்ஸலின் கடை பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. கீழேயிருந்து ஏறிவரும் காரம் ஏசியையும் மீறி எப்போதும் அறைக்குள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் தும்முவார்கள். அப்ஸல் அதை ஒரு சடங்காகவே ஆக்கி வைத்திருந்தார். யாராவது தும்மினால் "வாங்க, உட்காருங்க" என்பார். ஊறுகாய் பாட்டில் லேபிளிலிருந்து முந்திரிப் பருப்பு டப்பா வரை எது கேட்டாலும் வரைந்து, வெளியூர் அச்சகத்தில் அடித்து வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். வரைவது மூன்று வருடமாக நௌரின்.

அவள் உள்ளே வந்ததும் கணினியைத் திறக்கவில்லை. ஃபோனில் பேச்சியம்மாளின் பழைய குரல்செய்திகளைத் தேடினாள்.

பேச்சியம்மாள் மறையூருக்கும் மேலே, காந்தளூர்ப் பக்கம், மலையில் வரகும் சாமையும் விதைக்கிற நாற்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய உற்பத்தியாளர் கம்பெனிக்குத் தலைவி. அங்கே தமிழ்தான் பேச்சு. கேரளத்துக்குள் இருந்தாலும் அந்த அம்மாவுக்கு மலையாள எழுத்து தெரியாது. நௌரினுக்கு வீட்டில் பேச்சு தமிழ், படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். பையின் தமிழ்ப் பெயரை அவள் வாசிக்கக்கூட இல்லை. அந்த அம்மா ரூல் பேப்பரில் எழுதி அனுப்பியதைப் படமாக எடுத்து, கோட்டுக்குக் கோடு வரைந்தெடுத்தாள். அந்த நடுங்கும் கையெழுத்து அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எந்த ஃபாண்டாலும் அப்படி வராது என்று அப்ஸலிடம் சண்டை போட்டாள்.

மலையாளப் பெயரை மட்டும் அவளே எழுத வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஒரு நாள் கேட்டாள். அந்தச் செய்தி கிடைத்தது. முதலில் அவளுடைய குரல், உற்சாகமாய்: "பேச்சியம்மா, இந்த வரகுன்னா நாங்க இங்க சொல்ற கூவரகுதானே? பிள்ளைங்களுக்குக் குறுக்கு வைக்கிறது?"

அதற்குப் பதில். பின்னால் மாவு மில் ஓடுகிறது. காற்று மைக்கில் அடிக்கிறது. அந்த இரைச்சலின் நடுவே: "கேப்பை இல்ல தாயி. வரகு. கேப்பை நாங்க இந்தத் தடவை அரைக்கல."

நௌரின் மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போடும்போது அப்ஸல் கையில் சாயா கிளாசோடு வந்து நின்றார்.

"என்னடீ, லவ் லெட்டரா?"

"இக்கா, இதுல அம்மா என்ன சொல்றாங்க? கேளுங்க."

அவர் கேட்டார். "கப்பை இல்ல, வரகுன்னு சொல்றாங்க."

"நானும் அப்படித்தான் கேட்டேன். கப்பைன்னு மரவள்ளிக்கிழங்கு மாவு பத்தி நாம எங்க கேட்டோம், இந்தம்மா ஏன் கப்பை கப்பைங்குதுன்னு அன்னைக்குச் சிரிச்சோமே. கப்பை இல்ல இக்கா, கேப்பை. இப்பத்தான் தேடிப் பார்த்தேன், அங்க கேப்பைன்னா ராகி. நம்ம கூவரகு. நான் கூவரகான்னு கேட்டேன். அவங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இல்லைன்னு சொன்னதையும் ஆமாம்னு எடுத்துக்கிட்டு நான் எழுதிட்டேன்."

அப்ஸல் சாயாவை மேசையில் வைத்தார். பையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கத்தில் கண்ணை இடுக்கி வாசித்தார்.

"இங்கிலீஷ்ல சரியா இருக்கில்ல?"

"அதை யாரு வாசிக்கிறா? பூதக்கண்ணாடி வச்சா?"

"யாரும் வாசிக்கலேன்னாலும் அதானே சட்டம் கேக்குற பேரு. மலையாளம் நாம அழகுக்குப் போட்டது."

"ஜிஷா சேச்சி அழகைப் பார்த்தா குறுக்கு காய்ச்சினாங்க? குழந்தை மூணு தடவை கக்கியிருக்கு இக்கா."

அப்ஸல் பையைக் கீழே வைத்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கீழே யாரோ மூட்டையை இறக்கிய சத்தம் தரை வழியாக வந்தது.

"வரகுன்னா விஷமா?"

"இல்ல. நல்ல சாப்பாடு."

"அப்புறம் என்ன? குழந்தை எதுக்கு வேணா கக்கும். பல்லு முளைக்கும்போது கக்கும், பால் ஜாஸ்தியானா கக்கும்." ஆனால் அவர் ஏற்கெனவே ஃபோனை எடுத்திருந்தார். "இரு. பாக்கெட் வச்சிருக்கிற வைட்டிலா கடைக்குப் பேசுறேன்."

அவர் பேசியதை நௌரின் கேட்டுக்கொண்டிருந்தாள். சகோதரா, நம்ம மில்லட் பாக்கெட் இருக்கில்ல, அதை ரெண்டு நாளைக்கு ஷெல்ஃப்ல இருந்து எடுத்து வைங்க, ஒண்ணுமில்ல, தேதி சீல் சரியா விழல, ஆள் அனுப்பி மாத்திடறேன். சிரிப்பு. எத்தனை போயிருக்கும்? சரி சரி. அடுத்து கும்பளங்கியில் டூரிஸ்டுகள் தங்குகிற வீட்டோடு இருக்கும் சின்னக் கடை. அதே தேதி சீல், அதே சிரிப்பு.

"முப்பத்தஞ்சு பாக்கெட் வித்திருக்கு" என்றார். "மீதி நின்னுடும். ஒரு ஸ்டிக்கர் அடிக்கலாம், மலையாள எழுத்து மேலே ஒட்டிடலாம். வரகுன்னு. அடுத்த லாட்டுக்குப் பழுப்புக் கலர் அச்சுப் பிளேட்டை மட்டும் மாத்திக்குவோம், பச்சை அப்படியே இருக்கட்டும். உன் வயலுக்கு ஒண்ணும் ஆகல."

"வித்த முப்பத்தஞ்சு?"

"அது போயிடுச்சு நௌரின். யாரு வாங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"குழு பேர்ல அறிவிப்பு குடுக்கலாம். கடையில எழுதி ஒட்டலாம். வாட்ஸப்ல பரப்பலாம். கூவரகுன்னு நினைச்சு யாராவது குழந்தைக்கு..."

"குழு பேர்லயா? முதல் தடவை பட்டணத்துக் கடையில பொருளை வச்சிருக்காங்க. முதல் மாசமே 'எங்க பாக்கெட்டுல வேற மாவு'ன்னு நோட்டீஸ் ஒட்டினா, அப்புறம் அந்த அம்மாவோட பொருளை யாரு தொடுவா? தப்பு நம்மளுது. பேர் கெடறது அவங்களுது." அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "அவங்க இன்னைக்கு வர்றாங்கல்ல? அவங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. கலர் கொஞ்சம் மங்கிடுச்சு, அதனால பிளேட் மாத்தறோம்னு நான் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே. மோளே, நான் உனக்காகவும்தான் சொல்றேன்."

அப்ஸல் கெட்டவரில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் எழுந்து போயிருக்கலாம்.

அவள் திரையில் அந்த வயலைத் திறந்தாள். அந்த மலையை அவள் பார்த்ததில்லை. பேச்சியம்மாள் அனுப்பிய பதினொரு ஃபோட்டோக்களிலிருந்து கட்டியெழுப்பிய வயல் அது. நான்கு நாள் அதற்குள்ளேயே இருந்தாள். காலையில் பனி விலகும்போது யாரோ ஒரு பெண் அந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவாள் என்று காத்திருப்பதுபோல. அந்த நாட்களில்தான் ஃபோட்டோவில் இருந்த மின்கம்பத்தை எடுத்தாள். கம்பியை எடுத்தாள். மூலையில் கதிர்க்குவியலை மூடிக் கிடந்த நீலத் தார்ப்பாயை எடுத்துவிட்டு அங்கே கதிர்களை வரைந்தாள்.

பேச்சியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. பையில் ஒரு ஜன்னல் வேண்டும், உள்ளே இருக்கிற மாவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாக் கம்பெனிப் பையிலும் இருக்கே தாயி. நௌரின்தான் மறுத்தாள். ஜன்னல் வைத்தால் வயல் இரண்டாக வெட்டுப்படும், பிளாஸ்டிக் பளபளக்கும், கிராமத்து நேர்மையே போய்விடும் என்று அரை மணி நேரம் பேசினாள். நேர்மை என்ற சொல்லை அன்று எத்தனை முறை சொன்னாள் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்த்தாள். அந்த அம்மா கடைசியில், "நீ படிச்ச பிள்ளை, பார்த்துச் செய்யி" என்று விட்டுக்கொடுத்தாள். ஜன்னல் இருந்திருந்தால் ஜிஷா பையைப் பிரிக்கும் முன்பே தெருவில் யாராவது கிழவியிடம் காட்டிக் கேட்டிருப்பாள். அந்த வெளுத்த மாவு தானே பேசியிருக்கும்.

ஃபோன் அதிர்ந்தது. ஜிஷா. *டாக்டர் பார்த்தார். நீர்ச்சத்து குறைஞ்சிருக்கு, சாயங்காலம் வரை இங்கே வச்சுப் பார்க்கலாம்னு சொல்றார். உள்ளே என்ன தானியம், நல்ல சரக்கான்னு தயாரிச்சவங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டியா?*

நௌரின் எழுதினாள்: *அது வரகு சேச்சி. கூவரகு இல்ல. தப்பு என்னோடது. நல்ல சரக்கான்னு இன்னும் கொஞ்ச நேரத்துல கேட்டுச் சொல்றேன்.* அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அது உடனே மறுபடி அதிர்ந்தது. அவள் திருப்பவில்லை.

*

பேச்சியம்மாள் வந்தபோது பதினொன்றரை. படியேறி உள்ளே நுழைந்ததும் இரண்டு முறை தும்மினாள்.

"வாங்க, உட்காருங்க" என்றார் அப்ஸல்.

"என்ன கடையோ, என்ன சுக்கோ. உள்ள வந்தா சளியெல்லாம் ஓடிப்போயிரும்." ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட கெட்டிச் சேலை, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. முந்தின நாளே மலையிறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் வைட்டிலாவுக்கு வந்து, அங்கிருந்து ஆட்களிடம் கேட்டுக் கேட்டு மட்டாஞ்சேரி வந்திருந்தாள். "பஸ்ஸு ஸ்டாண்டுல ஒரு பையன் என்னைப் பார்த்து, அம்மா சபரிமலையான்னு கேக்குறான். நான் சொன்னேன், இல்லப்பா, மாவுக்கவரு வாங்கப் போறேன்னு."

அப்ஸல் சத்தமாகச் சிரித்தார். தேவைக்கு மேல் சத்தமாக. "உங்களுக்குச் சாயா சொல்லட்டுமா?"

"பால் இல்லாம."

அவள் துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நௌரின் மேசைமேல் வைத்துப் பிரித்தாள். காய்ந்த கதிர்கள். "நீ எங்க வயலைப் பார்த்ததில்லைன்னு சொன்னியே. அதான் கொண்டாந்தேன். இது சாமை. இது தினை, அணில் வாலு மாதிரி இருக்கு பாரு. அடுத்த கவரெல்லாம் இதுகளுக்குத்தான். இது வரகு. இதுதான் நீ வரைஞ்சது."

நௌரின் அந்தக் கதிரை எடுத்தாள். திரையில் ஆயிரம் முறை வரைந்தது. கையில் அதற்கு எடையே இல்லை. உருண்டை உருண்டையாய்ச் சின்ன மணிகள் ஒரு பக்கமாகவே ஒட்டியிருந்தன.

"நீ வரைஞ்சது அப்படியே வந்திருந்துச்சு தாயி. எங்க பொம்பளைக கவரைக் கையில வாங்கினதும், 'ஏய், இது நம்ம மேக்காட்டு வரகு'ன்னுட்டாளுக. எழுத்து தெரியாதவ கூட. படத்தைப் பார்த்தாலே தெரியுதே."

இங்கே யாருக்கும் தெரியாது என்று நௌரின் நினைத்தாள். இங்கே பச்சையாய் இருந்தால் வயல். அவ்வளவுதான்.

"ஒண்ணுதான்" என்றாள் பேச்சியம்மாள், மேசையில் கிடந்த பையை எடுத்து மூலையைத் தடவியபடி. "இங்க படுதாவைக் காணோமே. நீலப் படுதா."

"அழகுக்கு எடுத்துட்டேன் அம்மா."

"எடுத்தா எடுத்துக்க. அது அழகா என்ன? அறுத்துப் போட்ட அன்னைக்கே மழை புடிச்சிருச்சு. அதுக்குப் போட்டு மூடினது." சாயா வந்தது. அவள் கிளாசை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வரகு மட்டும் மழையில நனையக் கூடாது. நனைஞ்சா கிறுக்கு வரகாயிரும்."

"கிறுக்கு வரகுன்னா?"

"அதைச் சாப்பிட்டா தலை சுத்தும், மயக்கம் வரும், வாந்தி எடுக்கும். மனுசன் கிறுக்குப் புடிச்சவன் மாதிரித் தள்ளாடுவான். பூசணம் ஏறிரும் அதுல. அதான் நாங்க வெயில்ல நல்லாக் காயவச்சு, ஆறு மாசம் போட்டு வச்சுட்டுத்தான் தொடுவோம்."

அப்ஸல் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து அசையவில்லை.

"அப்ப அந்தப் படுதாவுக்குக் கீழ இருந்தது?" நௌரின் கேட்டாள்.

"அது ரெண்டு மூட்டை. தனியா வச்சோம். மாவுக்குப் போடல." சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடித்தாள். "போடக் கூடாதுன்னு நான் சொல்லிட்டுத்தான் வந்தேன். அரைக்கும்போது நான் கூட இல்ல, ஆனா சொல்லிருக்கேன். நம்ம ஆளுக கேப்பாளுக." இன்னொரு மடக்கு. "ஏன் கேக்குற?"

"சும்மாதான்." பிறகு, அப்ஸலின் பார்வை திரும்புவதற்குள்: "சின்னக் குழந்தைக்கு வரகு குடுப்பீங்களா அம்மா? ஆறு மாசம், ஏழு மாசம் ஆன குழந்தைக்கு?"

"பச்சைப் பிள்ளைக்கா?" பேச்சியம்மாள் சிரித்தாள். "யாராவது குடுப்பாங்களா? அதுக்குக் கேப்பை இருக்கே. நல்லா முளைகட்டி, காயவச்சு, அரைச்சு, துணியில சலிச்சு. வரகு பெரியவங்களுக்கு. சக்கரை வியாதிக்காரங்களுக்கு."

"அம்மா," என்று அப்ஸல் குறுக்கிட்டார், "கவர் விஷயமா ஒண்ணு பேசணும். அச்சுல கலர் கொஞ்சம் மங்கலா வந்துடுச்சு. அதனால பழுப்புப் பிளேட்டை மட்டும் புதுசா செஞ்சு குடுத்துடறேன். செலவு எங்களோடது. கடைகள்ல இருக்கிறதுக்கும் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

பேச்சியம்மாள் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெரிய மலையாள எழுத்துகள் மேல் விரலை ஓட்டினாள். "மங்கலாவா இருக்கு? எனக்குத் தெளிவாத்தான தெரியுது. நல்லா எரும மாதிரி கறுகறுன்னு இருக்கே."

"தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்மா."

"சரிப்பா. நீங்க சொன்னா சரிதான்." அவள் நம்பினாள். நம்புவது என்பது இவ்வளவு எளிதாக நடக்கிற விஷயம் என்று நௌரின் அதுவரை யோசித்ததில்லை. ஒரு வாய்ச் சாயா குடிக்கிற நேரம்.

"அப்புறம், அடுத்து கேப்பை மாவும் போடலாம்னு கூட்டத்துல பேசிருக்கோம்" என்று பேச்சியம்மாள் தொடர்ந்தாள். "மறையூர்ச் சந்தையில மலையாளத்து ஆளுக வந்து கூவரகு இருக்கா, கூவரகு இருக்கான்னுதான் கேக்குறாங்க. நாங்க வரகை நீட்டினா, இது வேண்டாம்னு போயிர்றாங்க. ஆனா பாரு, இங்க கொச்சியில நம்ம வரகு முப்பது நாப்பது பாக்கெட் போயிருச்சாமே! கடைக்காரர் ஃபோன்ல சொன்னாரு. எங்க பொம்பளைகளுக்கு நம்பவே முடியல. பட்டணத்துக்காரங்க வரகை இவ்வளவு விரும்பி வாங்குறாங்களேன்னு. எல்லாம் உன் படம்தான் தாயி."

ஃபோன் கவிழ்ந்த நிலையிலேயே மேசையில் நடுங்கியது. ஒருமுறை. மறுமுறை. நௌரின் அதை ஓரமாகத் திருப்பிப் பார்த்தாள். ஜிஷாவின் பெயருக்குக் கீழே ஒரே வரி. *நல்ல சரக்கான்னு கேட்டியா? குழந்தை தூங்கித் தூங்கி விழறா.*

அவள் அப்ஸலைப் பார்த்தாள். அந்த வரி அவள் முகத்தில் எழுதியிருப்பதுபோல அவர் உடனே பார்வையை விலக்கினார். மேசை விளிம்பில் இருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் கையில் உருட்டத் தொடங்கினார். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"ஒரு உதவி பண்ணு" என்று பேச்சியம்மாள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தாள். திரை ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. "கிளம்பும்போதே எல்லாரும் சொல்லியனுப்பினாளுக. தமிழ்ல இருக்கிறது நம்ம எழுத்து, நமக்குத் தெரியும். மேல பெருசா மலையாளத்துல இருக்கே, அது எப்படி ஒலிக்கும்னு கேட்டுட்டு வான்னு. நம்ம வரகைப் பட்டணத்துக்காரங்க என்னன்னு வாசிக்கிறாங்கன்னு கேக்கணுமாம். இன்னைக்கு மில்லுல எல்லாரும் கூடியிருக்காளுக, ஃபோனைச் சுத்தி உட்காந்திருப்பாளுக. நீ எழுதினவ. உன் வாயால சொன்னாத்தான் நல்லாருக்கும்."

குழுவின் பெயர் போட்ட பக்கத்தைத் திறந்து, குரல் பதியும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபோனை நௌரினின் வாய்க்கு நேரே நீட்டினாள். மறு கையில் பை. வயலும் கதிர்களும் அந்தப் பழுப்பு எழுத்துகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. திரையில் நொடிகள் ஓடின. மூன்று. நான்கு. ஐந்து.

"ம், வாசி தாயி," என்றாள் பேச்சியம்மாள், சிரித்துக்கொண்டே, மெதுவாக, தன் குரல் பதிவில் விழாதபடி. "பெரிய எழுத்தை மட்டும் வாசிச்சாப் போதும்."